சொல் சிறிது மாறின் விடை பெரிது மாறும்



ஆங்கிலக் கோப்புகளைத் தமிழாக்கும் பணியில் இருப்போர்க்குத் தொல்லை தரும் சொற்களுள் 'சாங்ஷன்' என்பது ஒன்று. ஒன்றுக்கொன்று நேர்மாறான இரு பொருள்கள் அச்சொல்லுக்கு உண்டு. இசைவு, ஒப்பளிப்பு என்பது ஒரு பொருள். தடை, தண்டனை என்பது மற்றொரு பொருள். பணம் வழங்க ஒப்பளிப்பு என்றாலும் சாங்ஷன்தான்; ஒரு நாட்டின்மீது விதிக்கும் பொருளாதாரத் தடை என்றாலும் சாங்ஷன்தான்.

அண்மையில் எங்கள் பார்வைக்கு வந்த ஒரு கோப்பில் ஆறே சொற்கள் கொண்ட ஒரு வரி இருந்தது. 'சாங்ஷன் அகெயின்ஸ்ட் தி ஆபீசர் இஸ் அவெயிட்டட்' என்பது அவ்வரி. இதனை இருவகையாகத் தமிழாக்கலாம். 'அவ்வலுவலர்மீது வழக்குத் தொடர இசைவு எதிர்நோக்கப்படுகிறது' என்பது ஒன்று. 'அவ்வலுவலர்மீது விதிக்கப்படும் தண்டனை எதிர்நோக்கப்படுகிறது' என்பது மற்றொன்று. முன்னதன்படி, வழக்கு இன்னும் நீதிமன்றத்தின் படியேறவில்லை. பின்னதன்படி, குற்றம் முடிவாகிவிட்டது; தண்டனை ஒன்றுதான் பாக்கி. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம், பொது ஊழியர்மீது சாட்டப்படும் சில குற்றங்களை நீதிமன்றம் ஏற்பதற்கு முன் உரிய அதிகாரியின் இசைவு வேண்டும் என்று தன் 19ஆம் பிரிவில் கூறுகிறது. கோப்பு கருதியது அந்த இசைவையே. அதைத் தண்டனை என்று எழுதிவிட்டால், விசாரிக்கப்படாத ஒருவரைக் குற்றவாளியாக்கிய பழி தமிழாக்கத்தைச் சேரும்.

இவ்வரியை மொழி மாதிரி என்று இந்நாளில் வழங்கும் கணிப்பொறி அமைப்பு ஒன்றில் இட்டு, 'தமிழாக்குக' என்று மட்டும் பணித்தோம். தண்டனை என்று வந்தது. 'ஃபார் பிராசிக்யூஷன்' என்னும் இரு சொற்களை வரியினுள் சேர்த்து மீண்டும் இட்டோம். இசைவு என்று வந்தது. இதில் வியப்பில்லை, பொருளை விளக்கும் சொற்கள் சேர்ந்தன, விடை திருந்தியது. ஆனால் வேறொன்றும் கண்டோம். அவ்விரு சொற்களையும் நீக்கிவிட்டு, 'தமிழாக்குக' என்பதனை 'தமிழில் தருக' என்று மட்டும் மாற்றியபோதும் சில முறை இசைவு என்று வந்தது. இவ்விரண்டு ஏவல்களுக்கும் பொருளில் வேறுபாடு யாது? ஒன்றுமில்லை. அங்ஙனமாயின் விடை ஏன் மாறிற்று? இவ்வினாவுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். நம்மிடம் ஒருவர் கேள்வி கேட்டால், கேள்வியின் கருத்தை வாங்கிக்கொண்டு அதன் சொற்களை நாம் மறந்துவிடுகிறோம். விடை கருத்திலிருந்து பிறக்கிறது. மொழி மாதிரியின் முறை வேறு. தனக்கு இடப்பட்ட உரையைத் தொடர்ந்து அடுத்து எது வரத்தக்கது என்று கணிப்பதே அதன் தொழில். நாம் இடும் உரையைப் 'பிராம்ட்' என்று துறையினர் சொல்லுவர். நாம் அதனைத் தூண்டுரை என்போம். தூண்டுரையில் கேள்வி என்று ஒரு பகுதியும், கேள்வியைச் சுமந்துவந்த வெறும் சொற்கள் என்று மற்றொரு பகுதியும் அதற்கு இல்லை. ஏவல், எடுத்துக்காட்டு, நிறுத்தற்குறி, இடைவெளி ஆகிய எல்லாமே அடுத்த சொல்லைக் கணிப்பதற்கான சான்றுகள். எனவே நம் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு தூண்டுரைகள் அதற்கு இரு வேறு தொடக்கங்களாம்.

அது எவ்வாறு படிக்கிறது என்பதைப் படிப்படியாகக் காண்போம். முதற்படியில் உரை துணுக்குகளாக வெட்டப்படுகிறது. டோக்கன் என்று வழங்கும் இத்துணுக்கு, சில வேளை முழுச்சொல்லாக இருக்கும்; சில வேளை சொல்லின் ஒரு கூறாக இருக்கும். மாதிரியிடம் துணுக்குகளின் பட்டியல் ஒன்று உண்டு. 2019இல் வெளிவந்த ஜிபிடி-2 என்னும் மாதிரியின் பட்டியலில் 50,257 துணுக்குகள் இருந்தன. இன்றைய மாதிரிகள் பலவற்றில் அப்பட்டியல் இதைவிடப் பெரிது. ஒவ்வொரு துணுக்குக்கும் ஓர் எண் உண்டு. மாதிரி காண்பது எழுத்துகளை அன்று. அந்த எண்களின் வரிசையையே.

பயின்ற உரைகளில் அடிக்கடி வந்த எழுத்துத் தொடர்கள் பட்டியலில் முழுத் துணுக்காக இடம் பெறும். அருகி வந்தவை சிறு சிறு துண்டுகளாகச் சிதறும். நம் 'ஒப்பளிப்பு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். கணிப்பொறியின் யூனிகோடு முறையில் புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி எண் உண்டாதலின், இச்சொல் 10 குறியீடுகளாகிறது. ஒவ்வொரு குறியீட்டையும் சேமிக்கப் பொதுவழக்கான யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள் வேண்டும். ஆக மொத்தம் 30. ஆங்கிலத்தையே பெரும்பான்மையாகக் கொண்டு அமைந்த பட்டியலில் இச்சொல் பல துண்டுகளாக வெட்டுப்படக்கூடும். 'சாங்ஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லோ ஒன்றிரண்டு துணுக்குகளில் அடங்கிவிடும்.

தமிழில் இன்னொரு நுட்பமும் உண்டு. 'கொடு' என்னும் சொல்லின் முதல் எழுத்தைக் கணிப்பொறியில் இருவகையாகப் பதியலாம். ககரத்தின் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒரு முறை. ஒற்றைக் கொம்பையும் காலையும் இரு குறியீடுகளாகத் தனித்தனியே இடுவது மற்றொரு முறை. திரையில் இரண்டும் ஒன்றே. எந்தக் கண்ணாலும் வேறுபாடு காண இயலாது. ஆனால் முன்னது 6 பைட்டுகள், பின்னது 9. இரண்டையும் ஒன்றாக்கும் சீரமைப்பு இடையில் நிகழாவிடின், மாதிரியை அடைவன இரு வேறு எண் வரிசைகள். பழைய கோப்பிலிருந்து படியெடுத்து ஒட்டிய வரிக்கும், நாமே தட்டச்சிட்ட அதே வரிக்கும் வெவ்வேறு விடை வருமாயின், இதுவும் ஒரு காரணமாகலாம். அவ்வேளையில் ஐயத்துக்குரிய சொல்லை அழித்துத் திரும்பத் தட்டச்சிட்டுப் பார்ப்பது எளிய சோதனை.

இரண்டாம் படி, துணுக்குகள் ஒன்றையொன்று நோக்குவது. கூகிள் நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்னும் அமைப்பே இன்றைய மொழி மாதிரிகளுள் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. இதில் ஒவ்வொரு துணுக்கும் தனக்கு முன் வந்த துணுக்குகளை நோக்கி, எதற்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்று கணித்து, அதற்கேற்பத் தன் பொருளை அமைத்துக்கொள்கிறது. தனியே நிற்கும் 'சாங்ஷன்' இருபொருளதாய் மிதக்கிறது. அதன்பின் 'அகெயின்ஸ்ட்' வந்ததும் தராசு தண்டனையின் பக்கம் சாய்கிறது. ஏனெனில் நாடுகளின்மீது விதித்த தடைகளைப் பற்றிய செய்திகளில் இவ்விரு சொற்களும் அடுத்தடுத்து வருவதை மாதிரி எண்ணிறந்த முறை பயின்றிருக்கும். 'ஃபார் பிராசிக்யூஷன்' என்பது வந்ததும் தராசு மறுபக்கம் சாய்கிறது. வழக்குத் தொடரும் பேச்சில் சாங்ஷன் என்பது இசைவையே குறிக்கும்.

இங்கே ஒரு வரம்பும் நினைவிற்கொள்ளத்தக்கது. உரையாடும் மாதிரிகள் பெரும்பாலும் இடமிருந்து வலமாகவே படிக்கின்றன. முன் நிற்கும் துணுக்கு, தனக்குப் பின் வருவதை நோக்க இயலாது. பின் வருவதே முன்னதை நோக்கும். ஆதலின் 'இது வழக்குத் தொடர்வது பற்றிய கோப்பு' என்னும் குறிப்பை முதலில் எழுதி அதன்பின் வரியை இட்டால், வரியின் ஒவ்வொரு சொல்லும் அக்குறிப்பின் ஒளியில் படிக்கப்படும். வரியை முதலில் இட்டுக் குறிப்பைப் பின்னர்ச் சேர்த்தால், வரி அந்த ஒளியின்றியே படிக்கப்பட்டிருக்கும். விடை எழுதும் வேளையில்தான் இரண்டும் இணையும். பல வேளைகளில் அதுவும் போதும். எனினும் இரண்டும் ஒன்றல்ல. சொற்களை மாற்றாமல் வரிசையை மட்டும் மாற்றினாலும் விடை மாறக்கூடுவது இதனால்தான்.

மூன்றாம் படியே நம் வினாவுக்கு நேர் விடை தருவது. படித்து முடித்ததும், அடுத்த துணுக்காக வரத்தக்க ஒவ்வொன்றுக்கும் மாதிரி ஒரு நிகழ்தகவு அளிக்கிறது. விளக்கத்தின் பொருட்டு முழுச்சொற்களையே துணுக்குகளாகவும், சில எண்களைக் கற்பனையாகவும் கொள்வோம். விடையில் 'அவ்வலுவலர்மீது' என்னும் முதற்சொல் வந்துவிட்டது. அடுத்து 'விதிக்கப்படும்' என்பதற்கு நூற்றுக்கு 40, 'வழக்குத்' என்பதற்கு 36, ஏனைய சொற்களுக்கெல்லாம் சேர்த்து 24 என்று இருக்கட்டும். மாதிரி மிகுதியான எண்ணையே தேர்ந்தால் 'விதிக்கப்படும்' வரும். அது வந்தபின், தான் எழுதிய அச்சொல்லும் மாதிரிக்குத் தூண்டுரையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. 'அவ்வலுவலர்மீது விதிக்கப்படும்' என்ற பின்னர் 'தண்டனை' என்பதன்றி வேறென்ன வரும்? ஏறக்குறைய அது ஒன்றே பொருந்தும். பாதை பிரிந்த இடம் ஒரு சொல். அதன்பின் வாக்கியம் முழுவதும் அந்தச் சொல்லின் வழியே செல்கிறது. எழுதியதை அழிக்கும் வழக்கம் அதற்கில்லை.

இப்போது 'தமிழாக்குக' என்பதனைத் 'தமிழில் தருக' என்று மாற்றுகிறோம். துணுக்குகள் மாறின, எண்களும் சிறிது அசைந்தன. 40 என்பது 37 ஆயிற்று. 36 என்பது 39 ஆயிற்று என்று கொள்வோம். அசைவு மிகச் சிறிது. எனினும் முதலிடம் கைமாறிவிட்டது. விளைவோ ஒருவரைக் குற்றவாளி என்பதற்கும் அல்லர் என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு. இதே சிறு மாற்றத்தை 'ஃபார் பிராசிக்யூஷன்' சேர்ந்த வரிக்குச் செய்து பாருங்கள். அங்கே 'வழக்குத்' என்பது 90 ஆகவும் 'விதிக்கப்படும்' என்பது 3 ஆகவும் இருக்கலாம். மூன்று எண் இப்படியோ அப்படியோ அசைந்தாலும் விடை அசையாது.

எனவே ஏவலின் சொல்லாட்சியில் ஏதோ மந்திரம் இருக்கிறது என்று கருதலாகாது. இரு விடைகள் ஏறத்தாழச் சமமாக நிற்கும் இடத்தில் எந்தச் சிறு தள்ளும் போதும். பொருள் மாறாமல் சொல்லை மட்டும் மாற்றும்போது விடை மாறுமானால், 'நீங்கள் தந்த செய்தி இதனைத் தீர்மானிக்கப் போதவில்லை' என்பதற்கு அது பெரும்பாலும் ஓர் அறிகுறி. நம் ஆறு சொல் வரி உண்மையில் அத்தகையதே. கைதேர்ந்த மொழிபெயர்ப்பாளரும் கோப்பின் முன்பக்கத்தைப் புரட்டாமல் அதனைத் தீர்மானிக்க இயலாது. அவர் பக்கத்தைப் புரட்டுவார். முன்பக்கம் கொடுக்கப்படாத மாதிரியோ நிகழ்தகவைக் கொண்டு ஒன்றை எழுதிவிடுகிறது, அதுவும் ஐயத்தின் சாயலே இல்லாத நடையில்.

தமிழில் கேட்போர் கருதவேண்டிய மற்றொரு தள்ளு உண்டு. 'இசைவு என்பது சரியா?' என்று கேட்பது வேறு. 'இசைவு என்பது சரிதானே?' என்று கேட்பது வேறு. ஆகாரம் ஐயத்தைக் காட்டும்; 'தானே' என்பது உடன்பாட்டை எதிர்பார்க்கும். மனிதர் எழுதிய உரைகளில் 'தானே' என்னும் வினாவின் பின் 'ஆம்' என்பதே மிகுதியாக வருகிறது. அன்றியும், இம்மாதிரிகள் பயிற்சியின் பிற்பகுதியில் மனிதர் எவ்விடையை விரும்பினர் என்பதைக் கொண்டும் திருத்தப்படுகின்றன. மனிதர்க்கு ஒத்துப் பேசுவார்மேல் ஒரு விருப்பம் உண்டு. இரண்டும் சேர்ந்து, கேட்போர் சாய்ந்த பக்கமே விடையும் சாயும் போக்கை வளர்க்கின்றன. 'தண்டனை என்பது சரிதானே?' என்று கேட்டிருந்தால் அதற்கும் 'ஆம்' கிடைத்திருக்கக்கூடும். ஆகவே ஒரு தமிழாக்கத்தைச் சரிபார்க்க வேண்டின், 'இவ்வரிக்கு எத்தனை பொருள் கொள்ளலாம்? ஒவ்வொன்றுக்கும் எது சான்று?' என்று சாய்வின்றிக் கேட்பதே தக்கது.

சொல்லாட்சியின் இவ்விளைவை ஆய்வாளர்கள் அளந்தும் காட்டியுள்ளனர். டோக்கியோ பல்கலைக்கழகத்தையும் கூகிள் நிறுவனத்தையும் சார்ந்த ஆய்வாளர்கள் 2022இல் ஒரு சோதனை செய்தனர். பல படிகள் கொண்ட கணக்குகளின் தொகுதி ஒன்றை அக்கால மாதிரி ஒன்றுக்குக் கொடுத்தனர், நூற்றுக்கு 17.7 சரியாயின. 'படிப்படியாகச் சிந்திப்போம்' என்னும் பொருளுடைய சிறு வாக்கியம் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தபோது 78.7 சரியாயின. இதன் காரணம் நாம் மேலே கண்டதே. விடையை உடனே எழுதினால், அந்த ஒரு துணுக்கின் கணிப்பில் எல்லாம் அடங்கவேண்டும். படிகளை எழுதினால், எழுதிய ஒவ்வொரு படியும் அடுத்த கணிப்புக்குச் சான்றாகிறது. 2023இல் வெளியான வேறோர் ஆய்வு, சொற்களைக்கூட மாற்றாமல் இடைவெளி, முக்காற்புள்ளி போன்ற அமைப்புகளை மட்டும் மாற்றிப் பார்த்தது. லாமா-2 வரிசையின் 1,300 கோடி அளபுருக்கள் கொண்ட மாதிரியில், ஒரு பணியின் மதிப்பெண் 76 புள்ளிகள் வரை வேறுபட்டது. அந்தப் பெரிய வேறுபாடு ஒருசில பணிகளுக்கே உரியது. எல்லாவற்றுக்கும் பொது என்று கொள்ளலாகாது. ஆனால் இவ்வகை மாற்றங்களுக்குப் பொருளின் மயக்கத்தைக் காரணமாகச் சொல்ல இயலாது. பயின்ற உரைகளில் எந்த வடிவம் எதனோடு சேர்ந்து வந்தது என்பதும் சான்றாகக் கொள்ளப்படுவதே அதற்குக் காரணம்.

இனி, கிடைத்த விடை எவ்வளவு உறுதியானது என்று அறிவது எங்ஙனம்? நாங்கள் கையாளும் முறையைச் சொல்லுகிறோம். முதலில் ஒரே தூண்டுரையை, ஓரெழுத்தும் மாற்றாமல், ஐந்து முறை இடுகிறோம். ஒவ்வொரு முறையும் புதிய உரையாடலாகத் தொடங்குதல் வேண்டும்; இன்றேல் முந்தைய விடையே அடுத்ததற்குச் சான்றாகிவிடும். ஐந்து முறை ஏன் எனின், பெரும்பாலான மாதிரிகள் மிகுதியான எண்ணையே எப்போதும் தேர்வதில்லை; நிகழ்தகவுக்கு ஏற்பக் குலுக்கி எடுக்கின்றன. 40க்கும் 36க்கும் இடையில் குலுக்கினால் சொல்லை மாற்றாமலே விடை மாறும். அவ்வாறு மாறுவதைச் சொல்மாற்றத்தின் விளைவென்று எண்ணி ஏமாறலாகாது.

அடுத்து, பொருள் மாறாமல் ஏவலை மூன்று வகையாக எழுதி இடுகிறோம். இவற்றிலும் விடை ஒன்றாயின், தராசு ஒரு பக்கம் நன்கு சாய்ந்துள்ளது என்று கொள்ளலாம். மாறினாலோ, எந்த ஏவல் சிறந்தது என்று ஆராய்வதை விடுத்து, வரியில் என்ன செய்தி குறைகிறது என்று ஆராய்கிறோம். எங்கள் கோப்பில் குறைந்தது முன்பக்கம். அதிலுள்ள இரண்டு பத்திகளையும், கோப்பு எந்தச் சட்டப் பிரிவைப் பற்றியது என்பதையும் வரிக்கு முன்னே சேர்த்து இட்டபோது, மூவகை ஏவலுக்கும் இசைவு என்றே வந்தது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. விடை மாறாமை உறுதியைக் காட்டுமேயன்றி உண்மையைக் காட்டாது. எங்கள் முதற் சோதனையில் தண்டனைக்கு 40க்கு மாறாக 95 இருந்திருக்குமாயின், ஏவலை எத்தனை வகையாக மாற்றினும் தண்டனை என்றே வந்திருக்கும், ஐந்து முறையும் வந்திருக்கும், நாங்களும் அமைதியடைந்திருப்போம். பயின்ற உரைகளில் ஒரு வழக்கு மிகுதியாக இருந்தால் தவறும் உறுதியாகவே வரும். அரசு அலுவலகங்களுக்கே உரிய சொல்லாட்சியில் இவ்விடர் மிகுதி; ஏனெனில் செய்தித்தாளின் ஆங்கிலத்தோடு ஒப்பிடக் கோப்பின் ஆங்கிலம் அளவிற் சிறியது. ஆதலின் அந்த வரியைத் தீர்மானித்தது எந்திரத்தின் ஒருமித்த விடையன்று. கோப்பின் முன்பக்கத்தில் இருந்த சட்டப் பிரிவின் எண்ணே.

தமிழாக்கத்தில் இசைவு என்றே எழுதினோம். ஓரத்தில், 'மூல வரி இருபொருள்படுகிறது. முன்பக்கம் காண்க' என்று ஒரு குறிப்பும் சேர்த்து, வரியைத் திருத்தி எழுதுமாறு கோப்பை அனுப்பிய பிரிவைக் கேட்டுக்கொண்டோம். மயக்கம் மூலத்திலேயே இருந்தது. அதனைத் தீர்க்கவேண்டிய இடமும் அதுவே.